10.45 சரியாக வருகிறது, மற்றதெல்லாம் தவறு: ஐரோப்பிய ஆப்ஷன் ஷீட்டில் பிழை நீக்கும் வழிமுறை

ஐரோப்பிய ஆப்ஷன் என்றால் காலாவதி நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடியது. அதன் மதிப்பைக் கணக்கிட 1973-இல் வெளிவந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் போதும். எக்செலிலோ லிபர்ஆஃபிஸிலோ ஐந்து உள்ளீடு, ஐந்து ஃபார்முலா, அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு சிறிய ஷீட்டில்தான் பிழை நன்றாக ஒளிந்துகொள்கிறது. காரணம், இதைச் சோதிக்க எல்லோரும் நம்பும் இரண்டு சோதனைகளுமே ஓர் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகின்றன. அந்த இடம் `d1`.

முதலில் சரியான ஷீட்டைப் போட்டுவிடுவோம். பங்கின் இன்றைய விலை B1, ஸ்ட்ரைக் விலை B2, வட்டி B3, ஏற்ற இறக்கம், அதாவது வாலட்டிலிட்டி B4, ஆண்டுக் கணக்கில் மீதமுள்ள காலம் B5.

```
B1   100
B2   110
B3   5%
B4   20%
B5   0.25
B7   =(LN(B1/B2)+(B3+B4^2/2)*B5)/(B4*SQRT(B5))
B8   =B7-B4*SQRT(B5)
B9   =B2*EXP(-B3*B5)
B10  =B1*NORM.S.DIST(B7,TRUE)-B9*NORM.S.DIST(B8,TRUE)
B11  =B9*NORM.S.DIST(-B8,TRUE)-B1*NORM.S.DIST(-B7,TRUE)
```

B7-இல் இருப்பது `d1`, B8-இல் `d2`. B9 என்பது ஸ்ட்ரைக் விலையின் இன்றைய மதிப்பு. B10 கால் ஆப்ஷன், அதாவது ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை. B11 புட் ஆப்ஷன், அதே விலைக்கு விற்கும் உரிமை. சரியாகத் தட்டியிருந்தால் `d1` -0.7781, `d2` -0.8781, B9 108.63, கால் 1.19, புட் 9.82 என்று வரும். இந்த எண்களைப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்த உள்ளீடுகளுக்குத்தான். வேறு உள்ளீடு என்றால் அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## அறிகுறி: 100, 100, ஓர் ஆண்டு என்று போட்டால் 10.45 வருகிறது, வேறு எதைப் போட்டாலும் உருப்படவில்லை

பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5%, வாலட்டிலிட்டி 20%, காலம் 1. இதற்குக் கால் 10.45, புட் 5.57. ஆப்ஷன் கணக்கு படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடமான விடை. அதனால் ஷீட் போட்டதும் முதலில் இதைத்தான் சோதிக்கிறார்கள். 10.45 வந்ததும் "சரி, முடிந்தது" என்று மூடிவிடுகிறார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டு விலையும் சமமாக இருப்பதால் `LN(1)`, அதாவது சுழி. அதைத் தலைகீழாகப் போட்டாலும் சுழிதான். காலம் 1 என்பதால் அதன் வர்க்கமூலமும் 1. அதை எடுக்க மறந்தாலும், அதால் வகுப்பதற்குப் பதில் பெருக்கினாலும் விடை மாறாது. கீழே இருக்கும் மூன்றும் தவறான `d1`. மூன்றுமே அந்த உள்ளீட்டில் 0.35 என்ற சரியான விடையைத் தரும்:

```
=(LN(B2/B1)+(B3+B4^2/2)*B5)/(B4*SQRT(B5))
=(LN(B1/B2)+(B3+B4^2/2)*B5)/(B4*B5)
=(LN(B1/B2)+(B3+B4^2/2)*B5)/B4*SQRT(B5)
```

முதல் வரியில் விகிதம் தலைகீழ். இரண்டாவதில் `SQRT` இல்லை. மூன்றாவதில் கீழே உள்ள பெருக்கலுக்கு அடைப்புக்குறி இல்லை. வகுத்தலும் பெருக்கலும் இடமிருந்து வலமாக நடப்பதால் B4-ஆல் வகுத்துவிட்டு, வர்க்கமூலத்தால் பெருக்கிவிடுகிறது.

நம்முடைய 100, 110, 0.25 உள்ளீட்டைப் போட்டால் மூன்றும் பிரிந்துவிடும். விகிதம் தலைகீழாக இருந்தால் கால் -5.09 என்று வரும். கால் ஆப்ஷனின் மதிப்பு ஒருபோதும் எதிர்மறையாக இருக்க முடியாது என்பதால் இது உடனே கண்ணில் படும். அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் 0.55. `d1`, `d2` இரண்டு இடத்திலும் `SQRT` விட்டுப்போயிருந்தால் 0.10. பின்னால் சொன்ன இரண்டும்தான் ஆபத்தானவை. எதிர்மறை இல்லை, பிழைச் செய்தி இல்லை, பார்க்க ஏதோ ஒரு விலை மாதிரியே இருக்கும்.

ஆகவே சோதனைக்கு எடுக்கும் எண்களில் இரண்டு விலையும் ஒன்றாக இருக்கக் கூடாது, காலம் 1 ஆக இருக்கக் கூடாது. நான் 0.25 எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் வர்க்கமூலம் 0.5, வாலட்டிலிட்டியோடு பெருக்கினால் 0.1. `d1`-ஐக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: `LN(100/110)` = -0.0953, அதோடு 0.07 × 0.25 = 0.0175 கூட்டினால் -0.0778, அதை 0.1-ஆல் வகுத்தால் -0.778. ஒரு நிமிட வேலை.

## அறிகுறி: கால்-புட் சமன்பாடு சரியாக இருக்கிறது, ஆனாலும் விலை தவறு

கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், பங்கு விலையிலிருந்து B9-ஐக் கழித்தது வர வேண்டும். நம் உள்ளீட்டில் 1.19 - 9.82 = -8.63; 100 - 108.63 = -8.63. சரிதான்.

இப்போது விகிதத்தைத் தலைகீழாகப் போட்ட ஷீட்டை எடுத்துப் பாருங்கள். கால் -5.09, புட் 3.54. கழித்தால் -8.63. இதுவும் சரி என்கிறது! கால் எதிர்மறையில் கிடக்கும்போதே இந்தச் சோதனை தேறிவிடுகிறது.

ஏன் இப்படி? இயல்நிலைப் பரவல் சமச்சீரானது. எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு இடப்பக்கம் உள்ள நிகழ்தகவையும், அதே எண்ணை எதிர்க்குறியோடு போட்டால் வரும் நிகழ்தகவையும் கூட்டினால் 1. B10-இலிருந்து B11-ஐக் கழிக்கும்போது B1-ஐப் பெருக்குவது அந்த 1, B9-ஐப் பெருக்குவதும் அந்த 1. `d1` என்னவாக இருந்தாலும், அங்கே உங்கள் தொலைபேசி எண்ணையே போட்டாலும், கழித்தால் வருவது B1 - B9 தான். எனவே இந்தச் சமன்பாடு B10, B11 இரண்டிலும் குறி சரியாக இருக்கிறதா, `TRUE` இருக்கிறதா, செல் மாறிவிட்டதா என்று மட்டுமே பார்க்கும். `d1`-ஐத் தொடவே தொடாது.

`d1`-ஐப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அது அடுத்த அறிகுறிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

## அறிகுறி: கால் 0 என்று வருகிறது, அல்லது 3.55E-15 மாதிரி ஏதோ வருகிறது

`NORM.S.DIST`-இன் இரண்டாவது இடத்தில் `FALSE` போட்டிருப்பீர்கள். அல்லது காற்புள்ளி வைத்துவிட்டு ஒன்றும் போடாமல் `NORM.S.DIST(B7,)` என்று மூடியிருப்பீர்கள். எக்செல் அதையும் `FALSE` என்றே எடுத்துக்கொள்ளும். `TRUE` என்றால் அந்தப் புள்ளிவரை குவிந்த நிகழ்தகவு. `FALSE` என்றால் அந்தப் புள்ளியில் மணிவடிவ வளைவின் உயரம், அதாவது அடர்த்தி. நமக்கு வேண்டியது குவிந்த நிகழ்தகவு.

எக்செல் 2010-இல் இந்த ஃபங்ஷன் வருவதற்கு முன்பு `NORMSDIST` மட்டுமே இருந்தது. அதற்கு ஒரே ஓர் உள்ளீடுதான், எப்போதும் குவிந்த நிகழ்தகவையே தரும். பழைய ஷீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பிழை அதிகம் நேர்கிறது.

சரி, தப்பான ஃபங்ஷன் போட்டால் தப்பான விடை வரலாம். அது ஏன் துல்லியமாகச் சுழியாக வருகிறது? நான் இதை முதலில் பார்த்தபோது செல்லின் தசம இடங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எவ்வளவு கூட்டினாலும் சுழிதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். `d1` சரியாக இருந்தால், பங்கு விலையை `d1`-இல் உள்ள அடர்த்தியால் பெருக்கினாலும், B9-ஐ `d2`-இல் உள்ள அடர்த்தியால் பெருக்கினாலும் ஒரே எண்தான் வரும். நம் உள்ளீட்டில் 100 × 0.29474 = 29.474, 108.63 × 0.27132 = 29.474. இரண்டையும் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. கணினியின் தசமத் துல்லியம் காரணமாகக் கடைசியில் சில நேரம் 10-இன் -15 அடுக்கில் ஒரு தூசி நிற்கும். அவ்வளவுதான்.

இது தற்செயல் இல்லை. பங்கு விலை மாறும்போது கால் விலை எவ்வளவு மாறும் என்று சொல்லும் டெல்டாவைக் கணக்கிடும்போது நீளமான உறுப்புகள் எல்லாம் அடிபட்டுப்போய் வெறும் `NORM.S.DIST(B7,TRUE)` மட்டும் நிற்பதற்கும் இதே சமன்பாடுதான் காரணம்.

இப்போது இதைத் திருப்பிப் பிடியுங்கள். `d1` சரியாக இருந்தால்தான் சுழி வரும் என்றால், இதையே `d1`-க்கான சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

```
B12  =B1*NORM.S.DIST(B7,FALSE)-B9*NORM.S.DIST(B8,FALSE)
```

மேலே பார்த்த மூன்று பிழைகளையும் இதில் ஓட்டிப் பார்த்தேன். விகிதம் தலைகீழ் என்றால் B12-இல் -4.43. அடைப்புக்குறி விட்டுப்போனால் -2.35. `SQRT` விட்டுப்போனால் -0.04, சின்ன எண், ஆனால் சுழி இல்லை. கால்-புட் சமன்பாடு மூன்றையும் தேற்றிவிட்ட இடத்தில் இது மூன்றையும் பிடித்துவிடுகிறது. ஷீட்டில் இந்த ஒரு செல்லை நிரந்தரமாக வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம். பார்க்கும்போது நான்கு தசம இடமாவது தெரியும்படி வையுங்கள், இல்லையென்றால் சின்னப் பிழை சுழியாகத் தெரியும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளீடே தவறாக இருந்தால் B12 கண்டுகொள்ளாது. 20%-க்குப் பதில் 25% போட்டால், 25%-க்கு உரிய `d1` சரியாகத்தான் இருக்கிறது என்று சுழியைக் காட்டும்.

## அறிகுறி: 100, 100, 1 போட்டால் 2.44, மற்றபடி கால் -4.32

2.44 என்ற எண்ணைப் பார்த்தால் ஷீட்டைத் திறக்காமலேயே காரணம் சொல்லலாம். ஃபார்முலாவில் `d1`, `d2` என்று பெயரையே தட்டியிருக்கிறார்கள்:

```
=B1*NORM.S.DIST(d1,TRUE)-B9*NORM.S.DIST(d2,TRUE)
```

`d1` என்பது ஷீட்டுக்குப் பெயர் இல்லை, செல் முகவரி. D நெடுவரிசை, முதல் வரிசை. எண்டர் தட்டியதும் அது `D1` என்று பெரிய எழுத்தாக மாறுவதைக் கவனித்தால் புரியும். அந்தச் செல் காலி. காலிச் செல் சுழியாகக் கணக்காகும். சுழிவரை குவிந்த நிகழ்தகவு 0.5. ஆகவே 100-இல் பாதி 50, B9-இன் 95.12-இல் பாதி 47.56, கழித்தால் 2.44. 110 ஸ்ட்ரைக்குக்கு 50 - 54.32 = -4.32.

B12-ஐ B7, B8 கொண்டு எழுதியிருப்பதால் அது இங்கே சுழியைக் காட்டும். B12 சுழி, கால் எதிர்மறை என்றால் பிழை B7-இல் இல்லை, B10-இல் இருக்கிறது என்று பொருள்.

செல்லுக்குப் பெயர் வைக்க விரும்பினால் `d_1`, `d_2` என்று வையுங்கள். வட்டிக்கு `r` என்ற பெயரையும் எக்செல் ஏற்காது. அது வரிசையைக் குறிக்கும் எழுத்து. `rate` என்று வைத்தால் ஃபங்ஷன் பெயரோடு குழம்பும், `r_` போதும்.

## அறிகுறி: கால் விலை பங்கு விலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது

கால் ஆப்ஷன் பங்கை விட விலை கூடாது. பங்கு விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றால் உள்ளீட்டின் அலகு தவறு. கால் 100.00 என்று வந்தால் வாலட்டிலிட்டியில் 20% என்று போடாமல் 20 என்று போட்டிருக்கிறீர்கள். அது இரண்டாயிரம் சதவீதம். கால் 98.88 என்று வந்தால் காலத்தில் 91 நாளை அப்படியே போட்டிருக்கிறீர்கள். ஷீட் அதை 91 ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. பங்கு விலையைத் தொடாவிட்டாலும், கால் 68.48, புட் 0.00 என்றால் வட்டி 5 என்று இருக்கிறது.

சதவீத வடிவில் இருக்கும் செல்லில் 20 தட்டினால் அது 20% ஆகும். சாதாரணச் செல்லில் தட்டினால் 20-ஆகவே நிற்கும். ஒரு செல்லின் வடிவம் மாறியிருந்தாலே போதும். சந்தேகம் வந்தால் அந்தச் செல்லை 100-ஆல் பெருக்கிப் பக்கத்தில் பாருங்கள்: 20 வந்தால் சரி, 2000 வந்தால் தவறு.

## அறிகுறி: விடை கிட்டத்தட்டச் சரி, இரண்டாவது தசமத்தில் இடிக்கிறது

10.45 வர வேண்டிய இடத்தில் 10.39 வருகிறதா? B9-இல் `EXP(-B3*B5)` போடாமல் `(1+B3)^B5`-ஆல் வகுத்திருப்பீர்கள். சூத்திரம் தொடர் கூட்டுவட்டியை எதிர்பார்க்கிறது. `d1`-க்குள் ஒரு வகை வட்டி, B9-இல் இன்னொரு வகை என்று ஆகிவிட்டது. B12 இதையும் பிடிக்கும், -0.05 என்று காட்டும். உங்களிடம் இருப்பது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் வட்டி என்றால் B3-இல் `=LN(1+5%)` என்று போட்டுவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுங்கள்.

வேறு ஒருவர் ஷீட்டோடு ஒப்பிடும்போது சின்ன வித்தியாசம் வந்தால், அவர் காலத்தை 365-ஆல் வகுத்தாரா, வர்த்தக நாட்களை எண்ணி 252-ஆல் வகுத்தாரா என்று கேளுங்கள். இது பிழை இல்லை, பழக்கம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

## அறிகுறி: புட் விலை, உடனே பயன்படுத்தினால் கிடைப்பதைவிடக் குறைவு

ஸ்ட்ரைக் 110, பங்கு 100. இப்போதே விற்க முடிந்தால் 10 கிடைக்கும். ஷீட்டோ 9.82 என்கிறது. இதைப் பிழை என்று நினைத்துப் பலர் B11-ஐச் சுற்றி `MAX(...,B2-B1)` போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஷீட் சரி.

ஐரோப்பிய புட்டை இன்று பயன்படுத்த முடியாது. மூன்று மாதம் கழித்து வரப்போகும் 110-இன் இன்றைய மதிப்பு 108.63 தான். ஆகவே இந்தப் புட்டின் கீழ் எல்லை 10 இல்லை, 108.63 - 100 = 8.63. அதற்குக் கீழே போனால்தான் பிழை. அந்த `MAX` போட்டால் கால்-புட் சமன்பாடும் உடைந்துவிடும்.

## அறிகுறி: #NUM!, #DIV/0!

`#NUM!` வந்தால் மூன்று இடம் பாருங்கள். காலாவதி நாள் கடந்து போய் B5 எதிர்மறை ஆகியிருந்தால் `SQRT` இடிக்கும். ஏதாவது ஒரு விலை சுழியாகவோ எதிர்மறையாகவோ இருந்தால் `LN` இடிக்கும். ஸ்ட்ரைக் செல் காலியாகவோ சுழியாகவோ இருந்தால் மட்டும் வகுத்தலே இடித்து `#DIV/0!` வரும். மூன்றாவது, `NORM.S.DIST` என்பதற்குப் பதில் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் `NORM.S.INV`-ஐத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது நிகழ்தகவை வாங்கிக்கொண்டு புள்ளியைத் தரும் தலைகீழ் ஃபங்ஷன், நம் -0.7781 நிகழ்தகவாக இருக்க முடியாது என்பதால் மறுத்துவிடும்.

`#DIV/0!` பெரும்பாலும் காலாவதி நாளன்று வரும். B5-ஐ `TODAY()` வைத்துக் கணக்கிட்டால் அன்று முழுவதும் காலம் சுழி. அன்றைக்கு மதிப்பு வெறும் வித்தியாசம்தான்:

```
B10  =IF(B5<=0,MAX(B1-B2,0),B1*NORM.S.DIST(B7,TRUE)-B9*NORM.S.DIST(B8,TRUE))
```

B7-இல் பிழைச் செய்தி நின்றாலும் பரவாயில்லை, `IF` அந்தக் கிளைக்குப் போகாததால் B10 சுத்தமாக வரும். `IFERROR` போட்டு மூடுவதை நான் ஏற்பதில்லை; தவறான உள்ளீட்டையும் சேர்த்து மூடிவிடும்.

## அறிகுறி: டிவிடெண்ட் சேர்த்த பிறகு B12 சுழி இல்லை

டிவிடெண்டை B12-இல் சேர்த்துவிட்டு `d1`-இல் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது அதன் மறுதலை. இரண்டு இடத்தில் திருத்துவதைவிட எளிய வழி: டிவிடெண்ட் விகிதத்தை C1-இல் போட்டு, C2-இல் `=B1*EXP(-C1*B5)` எழுதுங்கள். பிறகு B7, B10, B11, B12 நான்கிலும் B1 இருக்கும் இடமெல்லாம் C2. சூத்திரத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஓர் இடத்தில் மாற்ற மறந்தாலும், மறந்தது B7 அல்லது B12 என்றால் B12 சுழியை விட்டு விலகும். மறந்தது B10 அல்லது B11 என்றால் கால்-புட் சமன்பாட்டில் C2 - B9 வராது.